சாய்கோடு எங்கே போச்சு?

"சின்னச் சின்னத் தப்பு இருக்கும், நீங்களே பார்த்துச் சரி பண்ணிக்கோங்க."

மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. கோப்பை அனுப்பும்போது கூடவே வரும். அனுப்புகிறவர் இதை மரியாதையாகத்தான் சொல்கிறார். ஆனால் இந்த வாக்கியத்துக்குள் ஒரு பொய் இருக்கிறது. தப்பு சின்னது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எந்தத் தப்பு சின்னது, எது பெரியது என்று பிரித்துச் சொல்வதுதான் அங்கே முதல் வேலை. அந்த வேலையை யாருமே செய்யவில்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார்.

புதுச்சேரியில் எனக்கு அக்கா முறையாகும் ஒருவர் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்க்கிறார். போன வருஷம் அவருக்கு ஒரு கோப்பு வந்தது. 1960களில் ஒரு தாத்தா எழுதி வைத்த நோட்டு. பேரன் பிரான்சில் இருக்கிறார், அவர் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. நோட்டு இங்கேயே இன்னொரு கிளைக் குடும்பத்திடம் இருக்கிறது. யாரோ ஒருவர் பார்த்துத் தட்டச்சு செய்து, அந்தக் கோப்பு பாரிசுக்குப் போய், அங்கிருந்து அக்காவிடம் திரும்பி வந்தது. நாற்பதாம் பக்கத்தில் அக்கா நின்றுவிட்டார். குடும்பம் அடையாளம் தெரியாதபடி சொற்களைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன். சிக்கல் அதேதான்:

"பாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன் மறுநாள் காலையில் தம்பி பணம் கொண்டுவந்தான் வேண்டாம் என்றேன் கேட்கவில்லை"

ஒரு காற்புள்ளி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது. 'மறுநாள் காலையில்' எந்தப் பக்கம் சேரும்? "கையெழுத்துப் போட்டேன், மறுநாள் காலையில்" என்று நாம் பேசுவோம். அப்படி எடுத்தால் கையெழுத்தும் பணமும் ஒரே காலையில் நடக்கின்றன, அதாவது அது விற்பனை. "மறுநாள் காலையில் தம்பி பணம் கொண்டுவந்தான்" என்று எடுத்தால், தாத்தா முந்தின நாளே சும்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், பணம் பிறகுதான் வந்தது. அந்தக் குடும்பத்தின் இரண்டு கிளைகளும் பேசாமல் இருப்பதே இந்தக் கேள்வியால்தான். ஒரு புள்ளி எங்கே விழுகிறது என்பதில் ஒரு மனுஷனின் பெயர் இருக்கிறது.

"எப்படி மொழிபெயர்க்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"நான் ஏன்டா முடிவு பண்ணணும்?" என்றார்.

என் கட்டுரை மொத்தமும் அந்தக் கேள்விதான். மூலத்தைச் சுத்தம் செய்வது மொழிபெயர்ப்பாளர் போகிற போக்கில் மனதுக்குள் செய்கிற வேலை அல்ல. அது தனி வேலை. மொழிபெயர்ப்பு தொடங்கும் முன்பே முடிய வேண்டிய வேலை. என்ன மாற்றினோம், எதை மாற்றாமல் விட்டோம் என்று தடம் விட்டுச் செய்ய வேண்டிய வேலை.

இந்த ஊருக்கு இது புதுப் பிரச்சினை இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் சாகும் வரை எழுதிய நாட்குறிப்பு நமக்குத் தெரியும். 1846இல் கல்லுவா-மோம்ப்ரன் அதைக் கண்டெடுத்தார். பிரதிகள் எடுக்கப்பட்டன. சென்னை அரசு ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக 1904 முதல் 1928 வரை வெளியிட்டது. தமிழில் அது வரிசையாகத் தொகுதிகளாக வரத் தொடங்கியது 1948இல்தான். அதாவது உலகத்தில் பலர் பிள்ளையை நிறுத்தக்குறிகளோடு, பத்தி பிரித்து, ஆங்கிலத்தில் படித்தார்கள். அந்த ஆங்கிலத்தில் இருக்கும் ஒவ்வொரு முற்றுப்புள்ளியும் பிள்ளை வைத்ததல்ல. யாரோ படித்து, யோசித்து, இங்கேதான் முடிகிறது என்று வைத்த புள்ளி.

அந்தக் காலத்துக் கையெழுத்து வழக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் பழக்கம் இல்லை. குறில் கொம்புக்கும் நெடில் கொம்புக்கும் வித்தியாசம் இல்லை. வீரமாமுனிவர் செய்ததாகச் சொல்லப்படும் திருத்தம் பரவ வெகுகாலம் ஆனது. 'ர'வும் துணைக்காலும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஒரு வியாபாரியின் கணக்கில் இப்படி ஒரு சொல் வருவதாக வைத்துக்கொள்வோம்: 'சரககு'. புள்ளியைப் போட்டால் 'சரக்கு'. நடுவில் இருப்பது ரகரம் இல்லை, துணைக்கால் என்றால் 'சாக்கு'. இரண்டும் கப்பலில் வரும். இரண்டையும் எண்ணிக் கணக்கு எழுதலாம். 'கரடு' என்றால் கரடும் ஆகலாம், காடும் ஆகலாம். முன்பின் வரியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். பல நேரம் அதுவும் போதாது.

நமக்கு இப்போது எழுத்துத் திருத்தமும் யூனிகோடும் வந்துவிட்டன, இந்தக் குழப்பம் போய்விட்டது என்று நினைத்தால் தப்பு. அந்தக் குழப்பம் பின்வாசல் வழியாகத் திரும்ப வந்திருக்கிறது. அச்சு மங்கின பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து ஓசிஆரில் போட்டுப் பாருங்கள். 'ர'வின் கீழ்க்கோடு அழிந்த இடத்தில் எல்லாம் துணைக்கால் வரும், துணைக்காலில் மசி ஊறிய இடத்தில் 'ர' வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் சரக்கும் சாக்கும் 2020களின் கோப்புக்குள் மறுபடி ஒன்றாகிவிடும்.

அக்காவின் கோப்பிலும் அது இருந்தது. தட்டச்சு செய்தவர் ஏதோ பழைய எழுத்துரு முறையில் பழகியவர் போல. பல இடத்தில் துணைக்காலுக்கு 'ர'வைத் தட்டியிருந்தார். 'கொடி' என்பது 'கெரடி' என்று கிடந்தது. நான் எஞ்சினியர் இல்லையா, கை அரித்தது. "இது ரெண்டு நிமிஷ வேலைக்கா" என்று சொல்லிவிட்டு, கொம்புக்கு அப்புறம் 'ர' வந்தால் அதை 'ொ' ஆக்கு என்று கோப்பு முழுவதும் மாற்றினேன். 'கெரடி' அழகாகக் 'கொடி' ஆனது. கூடவே 'பெரிய' என்பது 'பொிய' ஆனது. 'தெரியும்' என்பது 'தொியும்' ஆனது. எல்லாத் 'தெரு'வும் 'தொு' ஆனது. ஒரே நொடியில் புதுச்சேரியில் ஒரு தெரு கூட இல்லாமல் போயிற்று.

நல்லவேளை, வந்த கோப்பைத் தொடாமல் தனியாக வைத்திருந்தோம். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். 'தொு' என்பது கண்ணில் படுகிற தப்பு. பட்டென்று மாட்டிக்கொள்ளும். மாற்றியதில் தப்பாகிப்போன ஒரு சொல், இன்னொரு நல்ல தமிழ்ச் சொல்லாக நின்றுவிட்டால்? அது மாட்டாது. அதைத்தான் மொழிபெயர்ப்பாளர் நம்பி மொழிபெயர்ப்பார்.

அன்றைக்கு நாங்கள் ஒரு கோடு கிழித்தோம். கோட்டுக்கு இந்தப் பக்கம், பொருளைத் தொடாத வேலை. அந்தப் பக்கம், பொருளைத் தொடும் வேலை. முதல் வகையை எந்திரத்திடம் விடலாம், இரண்டாவதை விடக்கூடாது.

பொருளைத் தொடாத வேலை என்றால் என்ன? 'கொ' என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்குள் அது இரண்டு விதமாக இருக்கலாம். ககரமும் 'ொ' என்ற ஒரே குறியும் சேர்ந்து ஒரு விதம். ககரம், கொம்பு, துணைக்கால் என்று மூன்றாக இருப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காமல் போகலாம். இதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதால் யாருடைய வாக்கியமும் மாறாது. அதன் பிறகு, தமிழில் வரவே முடியாத எழுத்துச் சேர்க்கைகளைத் தேட வேண்டும். மாற்ற வேண்டாம், தேடினால் மட்டும் போதும்:

```
python3 -c "import sys,unicodedata as u; sys.stdout.write(u.normalize('NFC',sys.stdin.read()))" < mulam.txt > nfc.txt
grep -nP '(^|\s)[ா-்]' nfc.txt
grep -nP '[ெொ](\s|$)' nfc.txt
```

முதல் வரி எழுத்து வடிவத்தை ஒன்றாக்குகிறது. இரண்டாவது, உயிர்க்குறியிலோ புள்ளியிலோ தொடங்கும் 'சொற்களை' வரி எண்ணோடு காட்டுகிறது. கொம்பு எழுத்துக்கு முன்னால் போய்விட்ட பழைய எழுத்துரு மிச்சங்கள் இதில் மாட்டும். மூன்றாவது, குறில் எகர ஒகரத்தில் முடியும் சொற்களைக் காட்டுகிறது. தமிழ்ச் சொல் சாதாரணமாக அப்படி முடியாது. முடிந்தால் அது பாதியில் உடைந்த சொல், அல்லது நெடிலுக்குப் பதில் விழுந்த குறில். கிடைக்கும் பட்டியலை வைத்துக்கொண்டு நோட்டின் படத்தைப் பார்க்க வேண்டும். படம் இல்லாமல் அந்தப் பட்டியலைத் திருத்துவது சுத்தம் செய்வதாகாது. அது ஊகம்.

அடுத்தது வரி உடைவு. நோட்டில் வரி எங்கே முடிகிறதோ அங்கேயெல்லாம் தட்டச்சு செய்தவர் எண்டர் அடித்திருந்தார். தாத்தா ஓரத்தில் இடமில்லாமல் சொல்லைப் பாதியில் மடக்கின இடத்திலும் அப்படியே. எல்லா வரிகளையும் ஒன்றாக இழுத்துச் சேர்த்துவிடுவது சுலபம். இடைவெளி விட்டுச் சேர்த்தால் 'வந்து கொண்டிருந் தான்' என்று கிடைக்கும். விடாமல் சேர்த்தால் சொற்கள் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே நம் இலக்கணம் கை கொடுக்கிறது. பள்ளியில் ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று மனப்பாடம் செய்து வெறுத்தோமே, அதைத்தான் சொல்கிறேன். ஒரு வரி 'க்' என்று முடிந்தால் அடுத்த வரி ககரத்தில் தொடங்க வேண்டும். 'ப்' என்றால் பகரத்தில். தொடங்கவில்லை என்றால் ஏதோ தப்பு. அதே மாதிரி ஒரு வரி ணகரத்திலோ றகரத்திலோ ளகரத்திலோ தொடங்கினால், அது முந்தின வரியிலிருந்து உடைந்து விழுந்த துண்டு. எங்கள் துறையில் அனுப்பிய தகவல் முழுசாக வந்து சேர்ந்ததா என்று பார்க்கக் கூடவே ஒரு சரிபார்ப்பு எண்ணை அனுப்புவோம். தமிழ் அதைச் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவிலேயே வைத்திருக்கிறது.

தாத்தா ஒற்று விடாமல் எழுதுகிறவர். பத்துப் பக்கத்தைப் படத்தோடு ஒப்பிட்டு அதை முதலில் உறுதி செய்துகொண்டோம், ஏனென்றால் ஒற்றைக் கண்டுகொள்ளாமல் எழுதுகிறவரிடம் இந்தச் சோதனை எடுபடாது. பிறகு தேடினோம். ஒரு வரி 'பணத்தைக்' என்று முடிந்தது. அடுத்த வரி 'வாசலில்' என்று தொடங்கியது. படத்தைத் திறந்தால் நடுவில் ஒரு முழு வரியையே காணோம்! நோட்டில் அடுத்தடுத்த இரண்டு வரிகள் 'பணத்தைக்' என்றே முடிந்திருந்தன. முதல் வரியைத் தட்டிவிட்டு நிமிர்ந்த கண் இரண்டாவது வரியின் முடிவில் போய் நின்றுவிட்டது. ஏடு பெயர்த்து எழுதிய காலத்திலிருந்து நடக்கிற விபத்துதான் இது. கோப்பை மட்டும் வைத்துப் படித்தால் வாக்கியம் கொஞ்சம் நொண்டும், அவ்வளவுதான். நல்ல மொழிபெயர்ப்பாளர் அந்த நொண்டலையும் பிரெஞ்சில் நேராக்கிவிடுவார். அவர் திறமை அதிகமாக அதிகமாக, காணாமல் போன வரி நிரந்தரமாகக் காணாமல் போகும்.

இதனால்தான் 'மொழிபெயர்க்கும்போதே சரி செய்துகொள்ளலாம்' என்ற பேச்சை நான் எதிர்க்கிறேன். மொழிபெயர்ப்பாளரின் மூளை ஓட்டையை அடைத்து ஓட்டையாகத் தெரியாமல் செய்யப் பழகிய மூளை. அது அவர் தொழிலின் பலம். அதே பலம் இந்த வேலைக்கு விஷம். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு மாதிரி அடைத்ததை நூற்றெண்பதாம் பக்கத்தில் வேறு மாதிரி அடைப்பார். இரண்டும் அவருக்கே நினைவிருக்காது.

இன்னொரு கட்சியையும் சொல்லியாக வேண்டும். அது சுத்தத்தின் கட்சி. அவர்கள் கையில் கொடுத்தால் எல்லாவற்றையும் துடைத்து வெள்ளையடித்துத் தருவார்கள். இந்தக் கோப்பைப் பாரிசிலேயே ஒரு நல்ல மனிதர் 'பிழை திருத்தி' அனுப்பியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. தாத்தா 'குடுத்தான்' என்று எழுதிய இடமெல்லாம் 'கொடுத்தான்' ஆகியிருந்தது. அது கூடப் பரவாயில்லை. 'அண்ணன் சொல்தா' என்பதை 'அண்ணன் சொன்னதா' என்று மாற்றியிருந்தார். சொல்தா என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்று புதுச்சேரியில் குழந்தைக்கும் தெரியும். 'மேரிக்குப் போனேன்' என்பது 'மேரி வீட்டுக்குப் போனேன்' ஆகியிருந்தது. கடற்கரையில் நின்ற நகராட்சி மன்றக் கட்டடம்தான் மேரி. பிரெஞ்சுச் சொல் அப்படியே தமிழாகி இங்கே உட்கார்ந்துவிட்டது. தாத்தா வேலையாக நகராட்சிக்குப் போனதெல்லாம், அந்த ஒரு திருத்தத்தால், மேரி என்ற ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனதாக மாறிவிட்டது. பாட்டி உயிரோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

சிரிக்கிறோம். ஆனால் அந்த மனிதர் செய்தது அக்கறையோடு செய்தது. அவருக்குத் தெரியாத சொல் அவருக்குப் பிழையாகத் தெரிந்தது. அவ்வளவுதான் குற்றம். நாம் எல்லோரும் செய்வதுதான். அதனால் விதி ஒன்றே ஒன்று: எழுதியவர் கை செய்ததை விட்டுவிடு, தட்டச்சு செய்தவர் கை செய்ததைத் திருத்து. எது எந்தக் கை என்று சொல்ல மூலத்தின் படம் வேண்டும். படமும் சொல்லாத இடத்தில் இரண்டு வாசிப்பையும் அடைப்புக்குள் போட்டுக் கேள்விக்குறி வை. கேட்க ஆள் இருந்தால் கேள். இல்லையென்றால் அடைப்பு அப்படியே இருக்கட்டும்.

இதற்கு நேரம் ஆகும். யார் காசு கொடுப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இருநூறு பக்க நோட்டுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒன்பது ஞாயிற்றுக்கிழமை செலவழித்தோம். அக்கா முதல்முறையாக இதைத் தனி வேலையாக விலைச்சீட்டில் எழுதினார். பாரிசு அண்ணன் ஃபோனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதான் டைப் பண்ணிக் குடுத்தாச்சே?" என்றார். மேரி கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள், தெரியும். ஆனால் விலைச்சீட்டில் இல்லாத வேலை உலகத்தில் இல்லாத வேலை. அக்கா அதை இனாமாக மனதுக்குள் செய்திருந்தால், அந்த வேலை இருந்தது என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

கடைசியாக நாற்பதாம் பக்கம். நோட்டை வைத்திருக்கும் குடும்பத்தை அக்காவே நேரில் போய்ப் பார்த்தார். இரண்டு முறை காபி குடித்த பிறகுதான் படம் எடுக்க விட்டார்கள். படத்தில் நாங்கள் கோப்பில் பார்க்காத ஒன்று இருந்தது. தாத்தா முற்றுப்புள்ளி வைப்பதில்லை. ஒரு செய்தி முடிந்தால் சின்னதாக ஒரு சாய்கோடு போடுவார். நோட்டு முழுக்க அப்படித்தான். தட்டச்சு செய்தவருக்கு அது பேனாக் கிறுக்கலாகத் தெரிந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான கோடுகளையும் விட்டுவிட்டார். மொத்த நோட்டுக்கும் இருந்த ஒரே நிறுத்தக்குறி அது.

"பாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன் / மறுநாள் காலையில் தம்பி பணம் கொண்டுவந்தான் வேண்டாம் என்றேன் கேட்கவில்லை /"

முதல் நாள் கையெழுத்து. பணம் மறுநாள். தாத்தா விற்கவில்லை.

ஆனால் அந்தக் 'கேட்கவில்லை'? தம்பி கேட்கவில்லை, பணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டான் என்றா? நான் அவனிடம் பணம் கேட்கவே இல்லையே என்றா? தமிழில் 'இல்லை'க்கு ஆள் வேண்டாம். பிரெஞ்சில் ஆள் இல்லாமல் வினை நிற்காது. நோட்டில் அந்த இடத்தில் கோடு இல்லை, வேறு எந்தக் குறியும் இல்லை. நாங்கள் சுத்தம் செய்த மூலத்தில் அந்தச் சொல் தொடாமல் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் இரண்டு வாசிப்பும் அடைப்புக்குள் இருக்கின்றன. அக்கா பிரெஞ்சில் முதலாவதை எழுதி, இரண்டாவதை அடிக்குறிப்பில் வைத்தார்.

அது மொழிபெயர்ப்பாளர் எடுத்த முடிவு. அதை எடுக்க அவருக்கு உரிமை உண்டு. சாய்கோட்டை எடுத்துவிடத்தான் யாருக்கும் உரிமை இல்லை.